மகளிர் சுய உதவிக் குழு: சேமிப்பும் உள்கடனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுவின் சேமிப்பு, கடன் விதிகளை வரிசையான பட அட்டைகளாகப் போட்டு அனுப்பினால், ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் ஒரு சந்தேகம் வந்து நிற்கிறது. பல குழுக்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லா பதிலுக்கும் ஒரே உதாரணம்தான்: குழுவில் 12 பேர், மாதம் ஒரு கூட்டம், ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு, கடனுக்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. உங்கள் குழுவில் தொகை வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

குழுவுல எத்தனை பேர் இருக்கணும்? சேமிப்பு எவ்வளவுன்னு யார் சொல்வாங்க?

பொதுவாக 10 முதல் 20 பேர். மலைப்பகுதிக் குழுக்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் குழுக்களுக்கும் 5 பேர் போதும். சேமிப்புத் தொகையை அரசும் சொல்லாது, பேங்க்கும் சொல்லாது. குழு தன் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தொகையை முடிவு செய்யும்போது குழுவிலேயே வருமானம் குறைந்தவரைக் கேளுங்கள். வேலை கிடைக்காத மாதத்திலும் அவரால் கட்ட முடிகிற தொகைதான் சரியான தொகை. 500 என்று ஆரம்பித்து நாலாம் மாதம் மூன்று பேர் பின்தங்குவதைவிட, 200 என்று வைத்து 12 பேரும் தவறாமல் கட்டுவது மேல். பேங்க்கில் கணக்கைப் பார்ப்பவரும் தொகையின் அளவை விட, விடாமல் கட்டியிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். வாரக் கூட்டம் நடத்தும் குழுக்கள் இதே 200-ஐ வாரம் 50 ஆகப் பிரித்துக்கொள்ளலாம். தினக்கூலி வாங்குபவர்களுக்கு அதுதான் எளிது.

வசதி இருக்கறவங்க கூடுதலா போட்டா நல்லதுதானே?

பணம் பெருகும், ஆனால் சிக்கலும் கூடவே வரும். எல்லாரும் சமமாகப் போட்டால் வட்டி வருமானத்தில் எல்லாருக்கும் சம பங்கு. கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். ஒருவர் 200, இன்னொருவர் 1,000 என்றால் பங்கையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். கையால் எழுதும் பேரேட்டில் அது சீக்கிரமே குழம்பும். அதோடு, அதிகம் போட்டவர் பேச்சுக்கு அதிக எடை வந்துவிடும். கூடுதலாகச் சேமிக்க முடிகிறவர் தன் சொந்த பேங்க் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும். குழுவில் உயர்த்துவதானால் எல்லாருக்கும் சேர்த்து, தீர்மானம் போட்டு உயர்த்துங்கள்.

நடுவுல அவசரம்னா நான் போட்ட காசை எடுத்துக்கலாமா?

உறுப்பினராக இருக்கும்வரை எடுக்க முடியாது. அவசரத்துக்குக் கடனாகத்தான் வாங்க வேண்டும். குழுவின் பணம் பெட்டியில் சும்மா இருப்பதில்லை. இன்னொரு உறுப்பினரின் கையில் கடனாக ஓடிக்கொண்டிருக்கும். கீழே வரும் உதாரணத்தில், நாலாவது கூட்டம் முடியும்போது மொத்தச் சேமிப்பு 9,600 ரூபாய், ஆனால் கையில் இருப்பது வெறும் 600. அன்றைக்கு ஒருவர் தன் 800-ஐத் திருப்பிக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது?

அப்போ என் காசுக்கு நானே வட்டி கட்டணுமா?

இந்தக் கேள்வி வராத குழுவே இல்லை. நாலாவது கூட்டத்தில் நீங்கள் 6,000 கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அன்றுவரை நீங்கள் போட்டது 800. மீதி 5,200 மற்றவர்களுடையது. வட்டி பெரும்பாலும் அவர்கள் பணத்துக்குத்தான்.

உங்கள் பங்குக்கு விழும் வட்டியும் வெளியே போவதில்லை. அது குழுவின் பொதுநிதியில் சேர்கிறது, அதில் உங்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. வெளியே வட்டிக்கு வாங்கினால் அந்தப் பணம் ஒருநாளும் உங்கள் பக்கம் திரும்பாது.

கூட்டத்துல வசூலாகுற பணம் யார்கிட்ட இருக்கணும்?

பேங்க்கில், குழுவின் பெயரில் உள்ள கணக்கில். ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று மூன்று பேரைக் குழு தேர்ந்தெடுக்கும். பணம் எடுக்க இவர்களில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதும் தீர்மானத்தில் இருக்கும். கூட்டத்தில் வசூலான பணத்தை எல்லார் முன்னாலும் எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் எழுதி, அங்கேயே கடன் கொடுத்து முடித்து, மீதியை அடுத்த வேலைநாளில் பேங்க்கில் கட்டிவிட வேண்டும். திடீர் மருத்துவச் செலவுக்காகக் கொஞ்சம் கையிருப்பு வைப்பதானால் எவ்வளவு, யாரிடம் என்று எழுதி வையுங்கள்.

பணம் காணாமல் போகும் குழுக்களில் வழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “பேங்க்குக்கு அலைய முடியல” என்று வெற்றுச் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஒருவரிடம் கொடுத்து வைப்பது. இதைத் தடுக்க, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேங்க் பாஸ்புக்கை வரவு பதிந்து கொண்டுவரச் சொல்லுங்கள். போன கூட்டத்தில் “பேங்க்கில் கட்டியது” என்று எழுதிய தொகை அதே அளவில் பாஸ்புக்கில் இருக்கிறதா என்று ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். “பாஸ்புக் வீட்ல இருக்கு” என்று தொடர்ந்து இரண்டு கூட்டம் சொன்னால், மூன்றாவது கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். பிரதிநிதி நேரே பேங்க்குக்குப் போய்ப் பதிந்து வரட்டும்.

கடன் கொடுக்க எப்ப ஆரம்பிக்கலாம்? முதல்ல யாருக்கு?

மூன்று, நான்கு கூட்டம் எல்லாரும் ஒழுங்காகக் கட்டிவிட்டால் ஆரம்பிக்கலாம். ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன் ஓடாத குழுவை பேங்க்கும் குழுவாக மதிப்பதில்லை, கடன் கொடுத்து வசூலிக்கும் பழக்கமும் வருவதில்லை. வரிசைக்கு நியாயமான முறை: மருத்துவம், பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், வெளியே அதிக வட்டிக்கு இருப்பதை அடைப்பது, பிறகு தொழில், அதற்குப் பிறகு மற்றவை. ஊக்குநருக்கும் பிரதிநிதிகளுக்கும் தனிச் சலுகை கிடையாது. முதல் கடனே அவர்களுக்குப் போனால் முணுமுணுப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிடும். யாருக்கு, எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணை என்ற நான்கும் தீர்மானத்தில் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 ஆச்சே, அது அதிகம் இல்லையா?

குறைவு என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் நிதி சிறியது. அதைச் சீக்கிரம் வளர்க்கப் பல குழுக்கள் 2 வட்டி வைக்கின்றன. வந்த வட்டி குழுவுக்கே திரும்புவதால் சுமை அவ்வளவாகத் தெரியாது. நிதி வளர்ந்த பிறகும் 2-லேயே நிற்பது தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. அப்போது கடன் அதிகம் வாங்கும் ஏழை உறுப்பினர் கட்டும் வட்டியில், கடனே வாங்காதவரின் பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். ஒன்றரை, பிறகு ஒன்று என்று இறக்குங்கள்.

எங்க குழுவுல கடைசித் தவணை வரைக்கும் ஒரே வட்டிதான் வாங்குறாங்க. சரியா?

சரியல்ல. பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. 6,000 ரூபாயை மாதம் 1,000 அசலாக ஆறு தவணையில் கட்டினால், முதல் மாத வட்டி 6,000-க்கு 120. அடுத்த மாதம் பாக்கி 5,000, எனவே வட்டி 100. இப்படியே 80, 60, 40, கடைசியில் 20. மொத்த வட்டி 420 ரூபாய்.

மாதம் 120 என்றே ஆறு மாதமும் வாங்கினால் 720 ஆகிவிடும். 300 ரூபாய் கூடுதல். கடைசி மாதத்தில் உங்களிடம் இருப்பது 1,000 ரூபாய்தான், கட்டுவதோ 6,000-த்துக்கான வட்டி. இரண்டு வட்டி என்று பெயர் சொல்லி, உண்மையில் மூன்றேகாலுக்கு மேல் வாங்குவதாக ஆகிறது. வேண்டுமென்றே யாரும் இப்படிச் செய்வதில்லை. ஒரே தொகையை எழுதுவது எளிது என்று ஆரம்பித்ததுதான். குழு உங்களுக்குக் கொடுத்திருக்கும் உறுப்பினர் பாஸ்புக்கில் வட்டி வரிசை இறங்காமல் ஒரே எண்ணாக நின்றால் அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.

குழுப் பணம் எப்படிச் சுத்துதுன்னு ஒரு முழுக் கணக்கு காட்ட முடியுமா?

முதல் நான்கு கூட்டங்களில் மாதம் 2,400 வீதம் 9,600 சேர்கிறது. நாலாவது கூட்டத்தில் ஒருவர் படிப்புக் கட்டணத்துக்கு 6,000 வாங்குகிறார் (ஆறு தவணை), இன்னொருவர் மருத்துவத்துக்கு 3,000 (மூன்று தவணை). கையில் 600.

ஐந்தாவது கூட்டத்தில் சேமிப்பு 2,400 வருகிறது. முதலாமவர் அசல் 1,000, வட்டி 120 கட்டுகிறார். இரண்டாமவர் அசல் 1,000, வட்டி 60. பழைய 600-உடன் சேர்த்துக் கையில் 5,180. மூன்றாவது ஒருவர் தையல் மெஷின் வாங்க 5,000 கேட்கிறார், ஐந்து தவணை. கொடுத்தபின் மீதி 180. ஆறாவது கூட்டத்தில் மறுபடி 2,400 சேமிப்பு. மூன்று பேரும் ஆளுக்கு 1,000 அசல் கட்டுகிறார்கள், வட்டி முறையே 100, 40, 100. இப்போது கையில் 5,820.

இனி சரிபார்ப்போம். ஆறு மாதச் சேமிப்பு 14,400. ஐந்தாவது கூட்டத்தில் வந்த வட்டி 180, ஆறாவதில் 240, ஆக 420. இரண்டும் சேர்ந்து குழு நிதி 14,820. மறுபக்கம், கடனில் பாக்கி 4,000, 1,000, 4,000, மொத்தம் 9,000. அதோடு கையில் உள்ள 5,820-ஐக் கூட்டினால் அதே 14,820. கையிருப்பும் கடன் பாக்கியும் ஒரு பக்கம், சேமிப்பும் வட்டியும் மறுபக்கம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இந்த இரண்டும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பேங்க்கில் கட்டிய பணமும் கையிருப்பில்தான் சேரும். அபராதம், அரசு தரும் சுழல்நிதி போன்றவை வந்தால் அவை சேமிப்பின் பக்கம்; நோட்டு வாங்கிய செலவு போன்றவற்றை அந்தப் பக்கத்திலிருந்து கழிக்க வேண்டும்.

ஒரு மாசம் தவணை கட்ட முடியலன்னா என்ன பண்ணுவாங்க?

மேலே சொன்ன 6,000 கடன்காரர் ஏழாவது கூட்டத்தில் கட்டவில்லை என்று வைப்போம். அவருடைய அசல் பாக்கி 4,000. அன்று வர வேண்டிய வட்டி 80 நிலுவையாக எழுதப்படும். எட்டாவது கூட்டத்திலும் அசல் அதே 4,000 என்பதால் இன்னொரு 80. இரண்டு மாத அசலோடு சேர்த்து 2,160 கட்டினால் கணக்கு நேராகிவிடும். ஒழுங்காகக் கட்டியிருந்தால் எட்டாவது மாத வட்டி 60 ஆக இருந்திருக்கும். தாமதத்தால் கூடியது 20 ரூபாய்தான். வட்டிக்கு வட்டி போடக் கூடாது.

அவரால் 1,000 மட்டுமே முடிகிறது என்றால் முதலில் வட்டி 160-ஐக் கழித்து, 840-ஐ அசலில் வரவு வையுங்கள், பாக்கி 3,160. முழு ஆயிரத்தையும் அசலில் எழுதிவிட்டு “வட்டி அப்புறம்” என்று விடுவதுதான் வழக்கமான தவறு, அந்த வட்டி பிறகு யார் நினைவிலும் இருக்காது. அபராதம் வைப்பது குழுவின் முடிவு. முன்கூட்டியே சொன்னவருக்கும் சொல்லாமல் வராதவருக்கும் ஒரே அபராதம் வேண்டாம். பிரசவம், ஆஸ்பத்திரி என்று உண்மையான காரணம் இருந்தால், தவணையை நீட்டித்துத் தீர்மானம் எழுதுவதே முறை.

என் பேர்ல கடன் எடுத்து இன்னொரு உறுப்பினர்கிட்ட கொடுத்தா தப்பா? தவணையை அவங்களே கட்டிடறேங்கறாங்க.

செய்யாதீர்கள். கடன் பேரேட்டில் இருப்பது உங்கள் பெயரும் கையெழுத்தும். அவர் நிறுத்திய மாதம் குழு உங்களைத்தான் கேட்கும், உங்கள் சேமிப்பில்தான் கழிக்கும். பெரும்பாலும் அவர் ஏற்கெனவே ஒரு கடன் பாக்கி வைத்திருப்பதால்தான் அடுத்தவர் பெயரைத் தேடுவார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கடன் பணத்தைக் கூட்டத்தில் கேட்டவர் கையிலேயே கொடுப்பது, தவணையையும் அவரே கொண்டுவந்து கட்டச் சொல்வது. இரண்டு பேர் தவணையை ஒருவரே தொடர்ந்து கட்டினால் விசாரியுங்கள்.

குழுவை விட்டுப் போகணும்னா எவ்வளவு கிடைக்கும்?

கடன் இல்லாதவர் ஆறாவது கூட்டத்தோடு விலகினால் சேமிப்பு 1,200 கட்டாயம் அவருடையது. வட்டி வருமானத்தில் பங்கு உண்டா என்பதைக் குழுவின் விதி சொல்ல வேண்டும்; உண்டென்றால் 420-ஐ 12-ஆல் வகுத்து 35 ரூபாய். 4,000 பாக்கி வைத்தவர் விலகினால் 1,235-ஐக் கழித்துக்கொண்டு மீதி 2,765-ஐக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அரசிடமிருந்து வந்த சுழல்நிதியில் யாருக்கும் பங்கு இல்லை, அது குழுவுக்கு வந்தது. கையிருப்பு குறைவாக இருக்கும் மாதத்தில், விலகுபவருக்கு இரண்டு மூன்று தவணையில் கொடுக்கலாம் என்று விதியிலேயே எழுதி வைப்பது நல்லது. இறந்துபோன உறுப்பினருக்கும் இதே கணக்குதான்; மீதி வாரிசுக்குப் போகும். அதனால் வாரிசு பெயரைச் சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

பேங்க் லோன் எப்ப கிடைக்கும்? எவ்வளவு?

கணக்குப் புத்தகங்களின்படி குழு குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும். பேங்க் கணக்கு திறந்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கான ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில், முதல் முறை கொடுக்கும் கடன் குழு நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. நம் உதாரணத்தில் 14,820-இன் ஆறு மடங்கு 88,920 தான், ஆகவே 1.5 லட்சம் கேட்கலாம். யாருக்கு எதற்கு எவ்வளவு என்ற சிறுகடன் திட்டத்தைக் குழு எழுதிக் கொடுக்க வேண்டும்.

“சேமிப்புப் பணத்தை எடுக்க முடியாது, லோனுக்குப் பிடித்து வைத்திருக்கிறோம்” என்று கிளையில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு ஈடு கேட்கவோ, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கவோ அந்த வழிகாட்டுதல் இடம் கொடுப்பதில்லை.

வந்த லோனை எல்லாருக்கும் சமமா பிரிச்சிட்டா சண்டை வராதே?

அன்றைக்கு வராது. 1.5 லட்சத்தை 12-ஆல் பிரித்தால் ஆளுக்கு 12,500. 40,000 தேவைப்பட்டவர் மீதிக்கு வெளியே வட்டிக்குப் போவார். தேவையே இல்லாதவர் வாங்கிய 12,500 செலவாகிவிடும், அல்லது முன்பு சொன்ன பெயர் மாற்றத்தில் போய் முடியும். சேமிப்பில் சமம் சரி. கடனில் தேவையையும் கட்டும் சக்தியையும்தான் பார்க்க வேண்டும். பேங்க்குக்கு இது 12 கடன் இல்லை, ஒரே கடன். ஒருவர் நிறுத்தினாலும் குழுவின் கணக்குதான் தவணை தவறியதாகக் காட்டும்.

இதுவும் கம்பெனிக்காரங்க கொடுக்குற குழு லோனும் ஒண்ணுதானே?

இல்லை. மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி அமைக்கும் குழு கடன் வாங்குவதற்காகச் சேர்த்தது. கடனும் வட்டியும் கம்பெனியுடையவை, பொதுநிதி என்று எதுவும் மிஞ்சாது. இரண்டிலும் ஒரே ஆட்கள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஒரே உறுப்பினர் இரண்டு பக்கமும் தவணை கட்டினால், நெருக்கடி வரும் மாதத்தில் வாசலுக்கு ஆள் வரும் கடனை முதலில் கட்டுவார். நம் குழுவின் தவணை நிற்கும். எனவே உள்கடன் கொடுக்குமுன் வெளியே என்ன பாக்கி என்று கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு இடிக்குது, ஆனா எங்கன்னு தெரியல. எங்கிருந்து தேடுறது?

கடைசியாகச் சரியாக இருந்த கூட்டத்தைத் தேடி அங்கிருந்து முன்னால் வாருங்கள். முதலில் வித்தியாசத் தொகையைப் பாருங்கள். 200 குறைந்தால், ஒருவரின் சேமிப்பு பாஸ்புக்கில் ஏறி ரொக்கப் புத்தகத்தில் ஏறாமல் விட்டிருக்கும். 80, 120 போன்ற தொகை என்றால் ரொக்கப் புத்தகத்தில் வட்டியாக எழுதியதைப் பேரேட்டில் அசலில் எழுதியிருப்பார்கள். வித்தியாசம் 9-ஆல் மீதமின்றி வகுபட்டால், உதாரணமாக 540 என்றால், 1,060-ஐ 1,600 என்று எண் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

அதற்கும் பிடிபடாவிட்டால் 12 பேரின் பாஸ்புக்கையும் வாங்கி, சேமிப்பையும் கடன் பாக்கியையும் தனித்தனியாகக் கூட்டிப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். பாஸ்புக்கும் பேரேடும் ஒருவர் விஷயத்தில் மட்டும் வேறுபட்டால் அது எழுத்துப் பிழையாக இருக்கலாம். நாலைந்து பேருக்கு, அதுவும் எப்போதும் பேரேட்டில் கட்டிய தொகை குறைவாகவே இருந்தால், அது பிழையல்ல. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு எழுதி, வெளியாள் ஒருவரை வைத்துத் தணிக்கை கேளுங்கள். அது முடியும்வரை கூட்டத்தையும் சேமிப்பையும் நிறுத்த வேண்டாம், புதிய கடன் மட்டும் கொடுக்காதீர்கள்.